கல்லீரல் துண்டில் நீலமும் கறுப்பும்

ஊசி செலுத்தி எடுக்கப்படும் கல்லீரல் பயாப்சித் துண்டு நூல் போல மெல்லியது. நீளம் ஓரிரு சென்டிமீட்டர்தான். அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 250-இல் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி ஸ்லைடில் ஒட்டுகிறார்கள். வழக்கமாக முதலில் ஏற்றப்படுவது ஹீமட்டாக்சிலின்–இயோசின் என்ற இரட்டைச் சாயம். செல்லின் உட்கரு நீலமாகிறது. மற்றவை பெரும்பாலும் இளஞ்சிவப்பாகின்றன. செல்லின் உடலும் தசையும் தழும்பை உண்டாக்கும் கொலாஜன் நாரும் ஒரே நிறக் குடும்பத்துக்குள் வந்துவிடுவதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு.

ஒரு துண்டில், அடுத்தடுத்த இரண்டு ரத்தக்குழாய்ப் பகுதிகளை இணைத்தபடி இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அண்மையில் வந்த கடும் அழற்சியில் கல்லீரல் செல்கள் மடிந்து, அவற்றைத் தாங்கிய நார்ச்சட்டகம் சரிந்து ஒட்டிக்கொண்டதால் அந்தப் பட்டை உருவாகியிருக்கலாம். அப்படியானால் கல்லீரல் மீண்டும் வளர இடமுண்டு. பல ஆண்டு நோயில் படிந்த தழும்பாகவும் அது இருக்கலாம். அப்போது அது சிரோசிஸை நோக்கிய பாதை. இரண்டையும் பிரித்தறிய, அதே மெழுகுக் கட்டியிலிருந்து மேலும் இரண்டு சீவல்கள் எடுக்கப்படுகின்றன.

ஒன்றுக்கு மேசன் டிரைகுரோம் சாயம். பியர் மேசன் 1929-இல் வெளியிட்ட முறை இது. பூவான் கரைசலில் சூடாக ஊறிய சீவலுக்கு முதலில் இரும்பு ஹீமட்டாக்சிலின் ஏற்றப்படுகிறது. பின்னால் வரும் அமிலக் கரைசல்களிலும் கரையாமல் உட்கருவைக் கறுப்பாக வைத்திருப்பது இதன் பணி. அடுத்து சிறிய மூலக்கூறுகள் கொண்ட சிவப்புச் சாயம் எங்கும் புகுந்துகொள்கிறது. பிறகு பாஸ்போமாலிப்டிக் அமிலம். கொலாஜனின் அமைப்பு தளர்வானது. அதிலிருந்து சிவப்பு விரைவில் வெளியேறிவிடும். நெருக்கமான தசையிலும் செல்லிலும் அது தங்கிவிடும். காலியான கொலாஜனில் பெரிய மூலக்கூறுகள் கொண்ட அனிலின் நீலம் ஏறுகிறது. முடிவில் உட்கரு கறுப்பு, செல்லும் தசையும் சிவப்பு, கொலாஜன் நீலம்.

நேரக்கணக்கு பிசகினால் படமே மாறிவிடும். அமிலத்தில் போதிய நேரம் வைக்காவிட்டால் கொலாஜனில் சிவப்பு தங்கி, நீலத்துக்குப் பதில் கலங்கிய ஊதா தெரியும். நீலம் அளவுக்கு மீறி ஏறினால் இல்லாத தழும்பு இருப்பதுபோலத் தோன்றும். இதனால்தான் விளைவு முன்கூட்டியே தெரிந்த இன்னொரு திசுவின் ஸ்லைடும் உடன் சாயமேற்றப்படுகிறது. அதில் ரத்தக்குழாய்ச் சுவரின் தசை சிவப்பாகவும் அதைச் சுற்றிய நார் தெளிந்த நீலமாகவும் இல்லையென்றால், நோயாளியின் ஸ்லைடையும் நம்பக் கூடாது.

இரண்டாவது சீவலுக்கு வெள்ளி. 1936-இல் வந்த கார்டன்–ஸ்வீட்ஸ் முறை, ரெட்டிகுலின் என்ற மிக மெல்லிய நார்களைக் காட்டுகிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் நார்களை ஆக்சிஜனேற்றுகிறது. ஆக்சாலிக் அமிலம் அதன் கறையை நீக்குகிறது. இரும்பு உப்பு நார்களை வெள்ளிக்குப் பக்குவப்படுத்துகிறது. பிறகு அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலும், அதைத் தொடர்ந்து ஃபார்மலினும். நார்மேல் அமர்ந்த வெள்ளி அயனிகளை ஃபார்மலின் உலோக வெள்ளியாக மாற்றுவதால் நார்கள் கறுக்கின்றன. ஆக, இதில் தெரிவது சாயமல்ல, படிந்த உலோகம். கண்ணாடிப் பாத்திரம் சுத்தமாக இல்லாவிட்டால் வெள்ளி கண்ட இடமெல்லாம் படியும். திசு இல்லாத வெற்றிடத்திலும் கரும்புள்ளிகள் கிடப்பதே அதற்கு அடையாளம். இந்த வெள்ளிக் கரைசலை மீத்து வைப்பது ஆபத்து. நாளானால் வெடிக்கக்கூடிய சேர்மங்கள் உருவாகும் என்பதால் அன்றன்றே தயாரித்து, மிஞ்சியதைச் செயலிழக்கச் செய்து அகற்ற வேண்டும்.

இப்போது அந்தப் பட்டைக்குத் திரும்பலாம். வெள்ளி ஸ்லைடில் கறுப்பு நார்கள் நெருங்கி ஒட்டிக் கிடக்க, டிரைகுரோமில் அதே இடம் வெளிறிய நீலமாக மட்டும் இருந்தால், சட்டகம் அண்மையில் சரிந்தது என்று பொருள். அடர்ந்த நீலக் கட்டுகள் தெரிந்தால் அது பழைய தழும்பு. ஒரு ஸ்லைடை மட்டும் வைத்து முடிவு சொன்னால் தவறு நேர வாய்ப்பு அதிகம். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே சரியான முறை.

கட்டி இருக்கிறதா என்ற கேள்விக்கும் வெள்ளி உதவுகிறது. இயல்பான கல்லீரலில் செல்கள் ஒன்றிரண்டு அடுக்குத் தகடுகளாக நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் கறுப்புக் கோடு ஓடும். கல்லீரல் செல் புற்றுநோயில் தகடுகள் மூன்று அடுக்குக்கு மேல் தடித்து, கோடுகள் அறுந்து அல்லது மறைந்து போகின்றன. ஆனால் கொழுப்பு மிகுந்த கல்லீரலில் புற்றுநோய் இல்லாமலே ரெட்டிகுலின் குறைந்து காணப்படலாம். இயல்பான செல்லை ஒத்த சில புற்றுகளில் அது பெருமளவு எஞ்சியும் இருக்கலாம். அத்தகைய துண்டுகளில் நோயியல் நிபுணர்கள் செல்களின் வடிவத்தையும், குறிப்பிட்ட புரதங்களைத் தேடும் எதிர்ப்பொருள் சோதனைகளையும் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள்.