சிவப்பு விளக்கு அணையாவிட்டால் பிள்ளைகளை ஏற்றக் கூடாது

நாம் நடத்திய பள்ளி வேன் ஓட்டுநர்கள் கூட்டத்தில் நமது போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர் பிரேக் விளக்கைப் பற்றித்தான் அதிகம் பேசினார். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிய பிறகும், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

"பிரேக் ஆயில் ஊற்றினா அணைஞ்சிடுதே, பாய்?" என்றார் ஓர் ஓட்டுநர்.

விளக்கு அணையும், ஆயில் குறைந்த காரணம் அப்படியே இருக்கும். பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், எங்காவது கசியலாம். கசிந்தால் பெடல் அடிவரை அமுங்கியும் வேன் நிற்காமல் போகலாம். மெக்கானிக் நான்கு சக்கரங்களையும் பார்க்கும்வரை வேனை எடுக்க வேண்டாம். என்ஜின் ஆயில், சூடு காட்டும் சிவப்பு விளக்குகளுக்கும் இதே விதிதான்.

வேன் நின்றால் நமது அலுவலகம் மாற்று வேன் அனுப்பும். தாமதத்துக்காக ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம்.