அரக்கன் சொல்லும் ஜாக் கதை

‘ஜாக்கும் அவரைக்கொடியும்’ கதையை அரக்கனே சொல்வதுபோல் எழுதச் சொன்னேன். உயர்நிலை இரண்டு மாணவர்களில் பாதிப் பேர் அரக்கனைச் சைவமாக்கிவிட்டார்கள்! அப்படி எழுதினால் அது வேறு கதை. நிகழ்ச்சிகள் அப்படியே இருக்கணும். சொல்லும் குரலும் நம் பரிவும்தான் மாறணும்.

அடுத்த பாடத்தில், ஜோசஃப் ஜேக்கப்ஸ் 1890இல் வெளியிட்ட வடிவத்தை வைத்து நிகழ்ச்சிகளைப் பலகையில் எழுதினோம். ஜாக் மூன்று முறை ஏறி, பொற்காசு, பொன்முட்டையிடும் கோழி, தானே பாடும் யாழ் ஆகியவற்றைக் கொண்டுபோகிறான். அரக்கனின் மனைவி முதலில் அவனை அடுப்புக்குள் ஒளித்து வைக்கிறாள். அரக்கன் சிறுவர்களைத் தின்பவன், அதையும் அழிக்கக்கூடாது.

பிறகு, இதில் அரக்கனுக்கு எதெல்லாம் தெரியும் என்று கேட்டேன். பையன் அடுப்புக்குள் இருப்பது தெரியாது, வாசனை மட்டும்தான் தெரியும். ஒரு மாணவி எழுதியது:

“மனுஷ வாசம் வருதேன்னு கேட்டேன். நேத்து நீங்க சாப்பிட்ட பையனோட மிச்சம்தான்னு சொன்னா. நம்பிட்டேன். தூங்கி எழுந்தா காசுப் பையைக் காணோம்.”

அவன் எதைத் தின்றான் என்பதை இவள் மறைக்கவில்லை. ஆனாலும் ஏமாந்தவன்மேல் நமக்குப் பாவம் வருது.

முடிவில்தான் பலர் தடுமாறினார்கள். “நான் விழுந்து செத்தேன்” என்று அரக்கன் எப்படிச் சொல்வான்? பாதிக் கொடியில், கீழே கோடரிச் சத்தம் கேட்கும்போதே அவன் குரல் நின்றுவிட வேண்டும்.