திறக்கும் கோப்பை இணையதளம் ஏன் மறுக்கிறது?

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தைய மாலை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்காகக் கணினி அறையில் உட்கார்ந்திருந்தேன். ஆதார், வருமானச் சான்று, பள்ளியில் தரும் போனஃபைடு சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் என நான்கு பிடிஎஃப் கோப்புகளைப் பதிவேற்ற வேண்டும். ஒவ்வொன்றும் 200 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நான்கும் அந்த அளவுக்குள்தான் இருந்தன. என் கணினியில் நான்கும் நன்றாகத் திறந்தன. ஆனால் வருமானச் சான்று மட்டும் ஏறியது. மற்ற மூன்றுக்கும் ஒரே பதில், சிவப்பு எழுத்தில்: Invalid PDF file.

மாணவியின் அம்மா அன்று கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். "நாளைக்கும் லீவு போடணுமா டீச்சர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கோப்பின் பெயரை மாற்றினேன், வேறு உலாவியில் முயன்றேன், மறுபடியும் பதிவிறக்கினேன். எதுவும் பயன்படவில்லை. காரணம் இணைய வேகத்திலோ கோப்பின் பெயரிலோ இல்லை. மூன்று கோப்புகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருந்தன. இணையதளமோ மூன்றையும் ஒரே வரியில் சொல்லிவிட்டது.

நாம் பார்ப்பதும் இணையதளம் பார்ப்பதும்

நாம் கோப்பைத் திறந்து, எழுத்து தெரிகிறதா என்று பார்க்கிறோம். இணையதளத்தில் கோப்பைத் திறப்பது ஒரு நிரல். அது பக்கங்களை எண்ணும், உள்ளே ஆபத்தான எதுவும் இருக்கிறதா என்று சோதிக்கும், அலுவலர் பார்ப்பதற்காகப் பக்கத்தைப் படமாக மாற்றும். இவற்றில் ஏதேனும் ஒரு படியில் தடுக்கினால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். எந்தப் படியில் தடுக்கியது என்று பெரும்பாலும் சொல்லாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு அடோபி அக்ரோபேட் ரீடரில் கோப்பைத் திறந்து Ctrl + D அழுத்தினால் போதும். ஒரு சிறு பெட்டி வரும். அதில் Description என்ற பகுதியில் Page Size என்ற வரியையும், Security என்ற பகுதியில் Security Method என்ற வரியையும் பாருங்கள். அன்று எங்கள் பள்ளிக் கணினி ஆசிரியர் வந்து முதலில் செய்தது இதைத்தான்.

முதல் கோப்பு: பூட்டிய ஆதார்

பதிவிறக்கிய மின் ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு. ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்துகள், பெரிய எழுத்தில். அதையடுத்துப் பிறந்த ஆண்டு. KAVITHA என்ற பெயரும் 2011 என்ற ஆண்டும் இருந்தால் KAVI2011. ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால் இருந்தால் அதுவும் புள்ளியும் கணக்கில் சேரும், P. KUMAR, 1990 என்றால் P.KU1990. நம் மாணவர்களின் பெயர்களில் இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கடவுச்சொல் நமக்குத் தெரியும்; தட்டிவிடுகிறோம். இணையதள நிரலுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. கோப்பின் உள்ளடக்கம் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் அதற்குப் புரியாத எழுத்துக் குவியல்தான் கிடைக்கும். ஆகவே மறுத்துவிடும்.

இன்னொரு வகைப் பூட்டும் உண்டு. திறக்கும்போது எதுவும் கேட்காது. ஆனால் திருத்தவோ நகலெடுக்கவோ விடாது. அதற்குள்ளும் குறியாக்கம் இருக்கிறது. சில நிரல்கள் அதைக் கண்டதும் கோப்பை நிராகரித்துவிடும். Security Method என்ற இடத்தில் No Security என்று இல்லாமல் Password Security என்று இருந்தால், கோப்பு கடவுச்சொல் கேட்காவிட்டாலும் பூட்டியதுதான் என்று கொள்ளுங்கள்.

இரண்டாம் கோப்பு: நிரப்பக்கூடிய படிவம்

போனஃபைடு சான்றுக்குப் படிவத்தைப் பதிவிறக்கி, கட்டங்களில் தட்டச்சு செய்து, அப்படியே சேமித்திருந்தேன். பார்வைக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அத்தகைய கோப்பில் நாம் தட்டச்சு செய்தவை பக்கத்தின் மீது பதிவதில்லை. கட்டங்களின் மதிப்புகளாகத் தனியே இருக்கின்றன. அட்டைமேல் ஒட்டிய துண்டுச் சீட்டு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நிரல்கள் அட்டையை மட்டும் படித்துவிட்டுச் சீட்டை விட்டுவிடும். அலுவலருக்குக் காலிப் படிவம் தெரியும். படிவக் கட்டங்களுக்குள் சிறு நிரல்களையும் மறைத்து வைக்க முடியும் என்பதால், சில இணையதளங்கள் பாதுகாப்புக் கருதிக் கட்டங்கள் உள்ள கோப்பையே ஏற்பதில்லை.

இதைக் கண்டறிவது எளிது. பெயர் எழுதிய இடத்தில் சொடுக்கிப் பாருங்கள். சுட்டி கண்சிமிட்டி, எழுத்தைத் திருத்த விடுகிறது என்றால் கட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மூன்றாம் கோப்பு: மேசையைவிடப் பெரிய பக்கம்

வங்கிப் புத்தகப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து, செயலி ஒன்றில் பிடிஎஃப் ஆக்கியிருந்தேன். 180 கிலோபைட்தான். ஆனால் Page Size என்ற இடத்தில் 42.00 x 56.00 in என்று இருந்தது. ஏ4 தாளின் அளவு 8.27 x 11.69 அங்குலம். எங்கள் புத்தகப் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் அகலமும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரமும் கொண்டதாகிவிட்டது!

காரணம் எளிய கணக்கு. கைபேசிப் படம் 3024 x 4032 புள்ளிகள் கொண்டது. பிடிஎஃப் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 72 அலகுகள். செயலி ஒரு படப்புள்ளிக்கு ஓர் அலகு என்று வைத்துவிட்டது. 3024-ஐ 72-ஆல் வகுத்தால் 42. 4032-ஐ வகுத்தால் 56. திரையில் பார்க்கும்போது கணினி சுருக்கிக் காட்டுவதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை.

நிரலுக்குத் தெரியும். அது பக்கத்தை அங்குலத்துக்கு 150 புள்ளிகள் வீதம் படமாக்குவதாகக் கொள்வோம். ஏ4 பக்கத்துக்கு ஏறக்குறைய 22 லட்சம் புள்ளிகள் வரும். எங்கள் பக்கத்துக்கு ஏறக்குறைய 5 கோடியே 29 லட்சம். ஒரே பக்கத்துக்கு 24 மடங்கு நினைவகம் வேண்டும். அதனால்தான் பல இணையதளங்கள் பக்க அளவுக்கு வரம்பு வைக்கின்றன. கிலோபைட் வரம்பும் பக்க அளவு வரம்பும் வேறு வேறு. ஒன்றைக் கடந்துவிட்டு மற்றொன்றில் சிக்கிக்கொள்ளலாம்.

மூன்றுக்கும் ஒரு தீர்வு

தாளில் அச்சிட்டால் கடவுச்சொல்லும் கட்டமும் தாளுக்கு வராது அல்லவா? அதையே தாள் இல்லாமல் செய்ய வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது.

1. கோப்பை ரீடரில் திறந்து, தேவையானால் கடவுச்சொல்லைத் தாருங்கள்.
2. Ctrl + P அழுத்தி, அச்சுப்பொறியாக Microsoft Print to PDF என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. Page Setup சென்று A4 என வையுங்கள். அளவுக்கான இடத்தில் Fit என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
4. அச்சிடுங்கள். கேட்கும்போது புதிய பெயரில் சேமியுங்கள். பழைய கோப்பை அழிக்க வேண்டாம்.
5. புதிய கோப்பில் Ctrl + D அழுத்திச் சரிபாருங்கள். No Security என்றும் 8.27 x 11.69 in என்றும் இருக்க வேண்டும். கட்டங்களில் சொடுக்கினால் சுட்டி கண்சிமிட்டக் கூடாது.

ஆதாரும் போனஃபைடும் இப்படியே சரியாகி ஏறின. வங்கிப் பக்கம் மட்டும் அச்சிட்டதும் 200 கிலோபைட்டைத் தாண்டிவிட்டது. படங்கள் உள்ள கோப்பில் இது நேரலாம். ஆகவே கைபேசிச் செயலியின் அமைப்புகளில் பக்க அளவை A4 என மாற்றி, தரத்தைச் சற்றுக் குறைத்து, மறுபடியும் சேமித்தோம். கணக்கு எண்ணும் வங்கிக் கிளைக் குறியீடும் தெளிவாக இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டோம். அதுவும் ஏறியது. அப்போது மணி ஆறே கால்.

நான் செய்த தவறு

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று, ஏற்கெனவே ஏறியிருந்த வருமானச் சான்றையும் அச்சிட்டு மாற்றிப் பதிவேற்றிவிட்டேன். சில நாள்களில் விண்ணப்பம் திருத்தத்துக்காகத் திரும்பியது. சான்றில் மின் கையொப்பம் இல்லை என்பது குறை.

கையொப்பமிட்ட அலுவலரின் பெயர், நாள் எல்லாம் என் கோப்பிலும் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் மின் கையொப்பம் என்பது அந்தப் படம் இல்லை. கோப்பின் ஒவ்வொரு எழுத்தையும் கணக்கிட்டு உள்ளே வைத்த முத்திரை அது. அச்சிடும்போது படம் மட்டும் மிஞ்சுகிறது, முத்திரை போய்விடுகிறது. அசல் கோப்பு இருந்ததால் உடனே மாற்ற முடிந்தது. இல்லையென்றால் அந்தத் தாய் இன்னொரு நாள் கூலியை இழந்து இ-சேவை மையத்துக்குப் போயிருப்பார்.

மின் கையொப்பமும் பிடிஎஃப்-க்குள் ஒரு படிவக் கட்டமாகவே இருக்கிறது. ஆகவே கட்டங்களை ஏற்காத இணையதளம் ஒன்று, முறையாகக் கையொப்பமிட்ட சான்றையும் மறுக்கக்கூடும். அப்போது மட்டும், வேறு வழி இல்லாத நிலையில், அச்சிட்ட படியைப் பதிவேற்றுங்கள். சான்றிதழ் எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைக் கொண்டு அலுவலர் சரிபார்க்க முடியும். அசல் கோப்பையும் கைவசம் வைத்திருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

பூட்டைத் திறந்து தருவதாகச் சொல்லும் இலவச இணையதளங்களில் குழந்தைகளின் ஆதாரையோ வங்கிப் பக்கத்தையோ ஏற்றாதீர்கள். கோப்பு யாருடைய கணினிக்குப் போகிறது என்பது நமக்குத் தெரியாது. நம் கணினியிலேயே முடியும் வேலைக்கு அது தேவையும் இல்லை.

கடவுச்சொல் நீங்கிய ஆதார் இனி யார் கையிலும் திறக்கும். பதிவேற்றியதும் பொதுக் கணினியிலிருந்து அதை நீக்குங்கள். Recycle Bin-ஐயும் காலி செய்யுங்கள். முழு எண் தேவையில்லாத இடத்துக்கு, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரையே பதிவிறக்குங்கள்.

இப்போது எங்கள் பள்ளியில் விண்ணப்பக் காலம் தொடங்கும்போது, ஒவ்வொரு மாணவரின் கோப்பிலும் முதலில் Ctrl + D அழுத்திப் பார்த்துவிடுகிறோம். குறை இருந்தால் அதை மட்டும் சரிசெய்கிறோம். ஏறிய கோப்பைத் தொடுவதில்லை. பெற்றோரை அதன் பிறகே வரச் சொல்கிறோம்.