பெயரும் ஹெசரும்

பெங்களூரில் புதிதாய்க் குடியேறிய தமிழரிடம் "நிம்ம ஹெசரு ஏனு?" என்று கேட்டால் ஒரு கணம் திகைப்பார். ஹெசரு என்பது நம் 'பெயர்'தான் என்று காது ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. நம் பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. ஒரு சொல் ஒத்திருந்தால் தற்செயல் எனலாம். இப்படி வரிசையாக ஒத்துவந்தால், அது ஒலி மாறிய விதி.

எது பழையது, பகரமா ஹகரமா? தெலுங்கிலும் பாலு, புலிதான். ஆனாலும் இந்தத் தலைக்கணக்கு மட்டும் போதாது. இருவர் சேர்ந்தும் மாறியிருக்கலாம் அல்லவா? வாய் என்ன செய்கிறது என்று பாருங்கள். 'ப' சொல்ல இரு உதடுகளும் இறுக மூட வேண்டும். அந்த இறுக்கம் தளர்ந்தால் மூச்சு மட்டும் மிஞ்சும், அதுவே 'ஹ'. இதை ஒலி மெலிதல் என்கிறோம். வெறும் மூச்சு உதட்டை மூடவைத்துப் பகரமாவது மிக அரிது. கன்னடத்தின் பழைய எழுத்துகளே இதற்குச் சாட்சி: அவற்றில் பால், பெசர் என்றே இருக்கின்றன. 10-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் ஹகரம் தலைகாட்டத் தொடங்குகிறது.

அப்படியானால் உப்பு ஏன் 'உஹ்ஹு' ஆகவில்லை? அப்பா, தப்பு எல்லாம் இன்றும் அப்படியே இருக்கின்றனவே? இரட்டித்த பகரத்தில் உதடு நெடுநேரம் மூடியிருப்பதால் அது தளரவில்லை. முதலெழுத்துப் பகரம் மாறாத புஸ்தக, பாப போன்றவை வடமொழிச் சொற்கள். படித்தவர்கள் மூல ஒலியைக் காத்தார்கள். எனவே இன்றைய கன்னடத்தில் பகரத்தில் தொடங்கும் சொல்லைக் கண்டால், முதலில் அது இரவலா என்று பார்க்க வேண்டும்.

பெயருக்குத் திரும்புவோம். முதலெழுத்து தீர்ந்தது, நடுவில் நமக்கு 'ய', அவர்களுக்கு 'ச'. இங்கே மெலிந்தது நாம். நம் 'உயிர்' கன்னடத்தில் உசிரு. நம் கிராமத்துப் பேச்சிலும் உசுருதான்! சகரம் யகரமாகி, பேச்சில் அதுவும் கரைந்து 'பேர்' ஆயிற்று. ஆக, மூலச்சொல் 'பெசர்' போல் ஒன்று. முதலெழுத்தைத் தமிழும் நடுவெழுத்தைக் கன்னடமும் காத்திருக்கின்றன. எழுத்தில் காணாமல் ஊகித்த இத்தகைய வடிவத்தின் முன் மொழியியலார் ஓர் உடுக்குறி இடுவார்கள். துளுவில் இச்சொல் 'புதர்'. அந்த உகரத்துக்கும் தகரத்துக்கும் விளக்கம் சொல்லாத மீட்டுருவாக்கம் முழுமையானதல்ல.

மெலிதல் இன்னும் நிற்கவில்லை. ஹாலு என்பதை 'ஆலு' என்றே சொல்லும் பேச்சு வழக்குகள் கன்னட நாட்டில் இன்று இருக்கின்றன.