ஐ-20ல போட்டிருக்கிற தொகையை 90-ஆல் பெருக்கினா மொத்தச் செலவு வந்துடுமா?

இந்த எபிசோடுல ஒரே ஒரு கணக்கு. அமெரிக்காவுல ரெண்டு வருஷ எம்.எஸ். படிக்க மொத்தம் எவ்வளவு ஆகும்னு ரூபாயில எப்படிப் பார்க்கிறது. பேசினதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி கீழ எழுத்தா கொடுத்திருக்கேன், ஏன்னா நம்பர்களைக் காதுல கேட்டு ஞாபகம் வச்சுக்கிறது கஷ்டம்.

எடுத்துக்கிட்ட உதாரணம் கோயம்புத்தூர்ல இருந்து நம்ம நிகழ்ச்சியைக் கேட்கிற ஒரு தங்கச்சியோடது. அட்மிஷன் கிடைச்சு ஐ-20 வந்துடுச்சு. அதுல மொத்தம் 38,000 டாலர்னு இருந்தது. அவங்க அப்பா கால்குலேட்டர்ல 38,000ஐ ரெண்டால பெருக்கி, அதை 90-ஆல பெருக்கி, 68.4 லட்சம்னு டைரியில எழுதி வச்சிருந்தார். "தம்பி, எழுபது லட்சம்னு வச்சுக்கிட்டா போதும்ல?"ன்னு என்கிட்ட கேட்டார். போதாதுங்க சார், ஆனா நீங்க நினைக்கிற காரணத்தால இல்லன்னு சொன்னேன். நிறைய பேர் மாதிரி அவரும் டாலர் ஏறிடும்னுதான் பயந்துக்கிட்டிருந்தார்.

முதல்ல ஐ-20யையே ஒழுங்காப் படிக்கணும். முதல் பக்கத்துல பணம் பத்தின பகுதியோட தலைப்புல இப்படி ஒரு வரி இருக்கும்:

```
ESTIMATED AVERAGE COSTS FOR: 9 MONTHS
```

சில பல்கலைக்கழகங்கள் 12 மாசம்னு போடுவாங்க, சிலது 9 மாசம். இவங்களோடது 9. அதாவது அந்த 38,000ல ட்யூஷன் 24,000, இன்ஷூரன்ஸ் 2,300, மீதி 11,700 தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும். மாசம் 1,300 வீதம் ஒன்பதே மாசத்துக்கு. கோடை விடுமுறையில காலேஜ் மூடியிருக்கலாம், ஆனா வீட்டு வாடகை மூடாது. லீஸ் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் போடுவாங்க.

2026 ஆகஸ்ட்ல போய் 2028 மே மாசம் முடிச்சா, ரெண்டு முனையையும் சேர்த்து 22 மாசம் அங்க இருக்கணும். அப்பா போட்ட கணக்குல இருந்தது 18 மாசம். விட்டுப்போன நாலு மாசத்துக்கு 5,200 டாலர், அதாவது 90 ரூபாய் கணக்குலயே 4.68 லட்சம். அந்தக் கோடையில இன்டர்ன்ஷிப் கிடைச்சா இந்தச் செலவு பெரிய விஷயமே இல்லதான். ஆனா கிடைக்காத வேலையோட சம்பளத்தை பட்ஜெட்ல வரவா எழுதக்கூடாது. அதே மாதிரி கேம்பஸ்ல வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம்ங்கிறது எஃப்-1 விசா தர்ற அனுமதி, வேலை கிடைக்கும்ங்கிற உத்தரவாதம் இல்ல.

அடுத்தது அந்த 90. கூகுள்ல தேடினா வர்ற ரேட்டும், ஷீட்ல `=GOOGLEFINANCE("CURRENCY:USDINR")` போட்டா வர்ற ரேட்டும் வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல இருக்கிற சந்தை விலை. அந்த விலைக்கு உங்களுக்கு யாரும் டாலர் தரமாட்டாங்க. பேங்க் அதுக்கு மேல தன்னோட லாபத்தை வச்சுத்தான் விக்கும். டாலருக்கு ஒண்ணரை ரூபாய் கூடன்னு வச்சுக்கோங்க. 12,000 டாலர் செமஸ்டர் ஃபீஸ் அனுப்பும்போது இது மட்டும் 18,000 ரூபாய். அதே பரிமாற்றத்துக்கு டாலர் மாத்துறதுக்கான ஜிஎஸ்டி ஆயிரம் ரூபாய் பக்கம்தான் வரும். ரசீதுல தனி வரியா தெரியுறது அந்த ஆயிரம். 18,000 எந்த வரியிலயும் வராது, ரேட்டுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். அதனால "உங்க சார்ஜ் எவ்வளவு?"ன்னு கேட்காதீங்க. "12,000 டாலர் காலேஜ் அக்கவுண்ட்ல போய்ச் சேரணும்னா என் அக்கவுண்ட்ல இருந்து மொத்தம் எத்தனை ரூபாய் எடுப்பீங்க?"ன்னு ஒரே நாள்ல, ஒரே மணி நேரத்துல மூணு இடத்துல கேளுங்க. வர்ற பதிலை நேரடியா ஒப்பிடலாம்.

அனுப்புற படிவத்துல வெளிநாட்டு பேங்க் சார்ஜ் யாரோடதுன்னு கேட்கும் இடத்துல OUR, SHA-ன்னு இருக்கும். OUR போட்டா நீங்க கட்டுறீங்க. SHA போட்டா நடுவுல இருக்கிற பேங்க் கொஞ்சம் டாலரைப் பிடிச்சுக்கலாம், காலேஜுக்கு ஃபீஸ் குறைவாப் போய்ச் சேரும். இருபது டாலர் பாக்கிக்காக அடுத்த செமஸ்டர் பதிவு நின்னவங்களை எனக்குத் தெரியும்.

டிசிஎஸ்னு ஒண்ணு இருக்கு, நம்ம ஐடி கம்பெனி இல்ல, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது முன்கூட்டியே பிடிக்கிற வரி. 2025 ஏப்ரல்ல இருந்து ஒரு நிதியாண்டுல ஒருத்தர் அனுப்புற முதல் 10 லட்சத்துக்கு இது கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்துல வாங்கின கல்விக் கடன்ல இருந்து அனுப்பினா சுத்தமா கிடையாது. சொந்தப் பணத்துல அதுக்கு மேல போனா பிடிப்பாங்க, விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுறதால அனுப்புற வருஷம் பார்த்துக்கோங்க. பிடிச்ச பணம் வருமான வரிக் கணக்குல திரும்பி வரும். அதனால இது செலவுல சேராது, ஆனா சில மாசம் கையில இருக்காது. ஆகஸ்ட் ஃபீஸும் ஜனவரி ஃபீஸும் ஒரே நிதியாண்டுல விழுறதால 10 லட்சத்தை எளிதா தாண்டிடும்.

இப்போ அப்பா பயந்த விஷயத்துக்கு வரலாம். டாலர் ஏறினா? 2021 ஆகஸ்ட்ல சேர்ந்த ஒருத்தர் முதல் செமஸ்டரை 74 ரூபாய் பக்கத்துல கட்டியிருப்பார். ஜனவரியில 74.5, அடுத்த ஆகஸ்ட்ல 79.5, 2023 ஜனவரியில 82. செமஸ்டருக்கு 12,000 டாலர்னா, 74-லயே போட்ட திட்டத்தை விட 1.68 லட்சம் அதிகம். அதுக்கப்புறம் ஒண்ணரை வருஷம் 84க்குள்ளயே நின்னுச்சு. 2025 டிசம்பர்ல முதல்முறையா 90ஐத் தாண்டுச்சு. அதனால எந்த வருஷம் எவ்வளவு ஏறும்னு கணிக்கிற வேலையே வேண்டாம். ரெண்டாம் வருஷத்துக்கு 3 சதவீதம் கூட்டி ஒரு தடவை, 6 சதவீதம் கூட்டி ஒரு தடவை போட்டுப் பாருங்க.

நான் செஞ்சது சின்ன ஷீட்தான். ஒவ்வொரு கட்டணமும் ஒரு வரி: எப்போ கட்டணும், எத்தனை டாலர், அன்னைக்கு என்ன ரேட். முதல் வருஷம் ட்யூஷன், இன்ஷூரன்ஸ், 12 மாசச் செலவு சேர்த்து 41,900 டாலர். பேங்க் ரேட் 91.5-ல 38.34 லட்சம். ரெண்டாம் வருஷம் 10 மாசம்தான், 39,300 டாலர். 94.25-ல 37.04 லட்சம். ரெண்டாம் வருஷ ட்யூஷன் 4 சதவீதம் ஏறும்னு வச்சதுல இன்னும் 90,000. மொத்தம் 76.3 லட்சம் வந்தது. விமான டிக்கெட், விசா கட்டணம் 185 டாலர், செவிஸ் கட்டணம் 350 டாலர், வீட்டு அட்வான்ஸ் எல்லாம் இதுக்கு வெளியில.

68.4-க்கும் 76.3-க்கும் நடுவுல இருக்கிற கிட்டத்தட்ட எட்டு லட்சம் எங்கிருந்து வந்ததுன்னு பிரிச்சுப் பார்த்தோம். விட்டுப்போன நாலு மாசம் 4.68 லட்சம். பேங்க்கோட ஒண்ணரை ரூபாய் 1.22 லட்சம். ட்யூஷன் ஏத்தம் 0.9. டாலர் 3 சதவீதம் ஏறினது 1.08 லட்சம்தான். 6 சதவீதம் போட்டாலும் இன்னொரு லட்சத்துச் சொச்சம்தான் கூடுது. அப்பா தினமும் காலையில பேப்பர்ல டாலர் ரேட் பார்த்துக்கிட்டிருந்தார், ஆனா பெரிய ஓட்டை ஐ-20யோட தலைப்பு வரியிலயே இருந்தது.

டாலர் ஏத்தம் உண்மையில வலிக்கிற இடம் வேற, அது கல்விக் கடன். கடன் ஒப்புதல் ரூபாயில இருக்கு, ஃபீஸ் டாலர்ல இருக்கு. இவங்களுக்கு 40 லட்சம், செமஸ்டருக்கு 10 லட்சமா நாலு தவணை. முதல் செமஸ்டர் ஃபீஸ் 10.98 லட்சம், கையில இருந்து 98,000 போட்டா போதும். மூணாவது செமஸ்டர்ல அதே ஃபீஸ் 11.76 லட்சம் ஆகுது. பேங்க் அப்பவும் பத்துதான் தரும். 1.76 லட்சத்தை ஃபீஸ் கடைசித் தேதிக்குள்ள வீட்டுல புரட்டணும். மொத்தத்துல ரெண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல வர்ற தொகைதான், ஆனா அந்த வாரம் இல்லன்னா பிரச்சனை. ஒப்புதல் வாங்கும்போதே கொஞ்சம் கூடுதலா வாங்கி வைக்கலாம். எடுக்காத பணத்துக்கு வட்டி கிடையாது.

எடுத்த பணத்துக்கு உண்டு. இதை நிறைய பேர் கணக்குலயே சேர்க்கிறதில்ல. படிப்பு முடிஞ்சு ஆறு மாசம் வரைக்கும் இஎம்ஐ கிடையாதுங்கிறாங்க, ஆனா ஒவ்வொரு தவணைக்கும் அது வெளிய போன தேதியில இருந்தே வட்டி ஓடுது. 10 சதவீதம்னு வச்சா 2028 நவம்பருக்குள்ள 6.17 லட்சம். ஆக மொத்தச் செலவு 82 லட்சத்தைத் தாண்டுது. கட்டவேண்டிய கடன் 46.17 லட்சம், பத்து வருஷத்துக்கு மாசம் 61,000 ரூபாய்.

அந்த 61,000 அமெரிக்கச் சம்பளத்துல இருந்து போனா 650 டாலர், ரூபாய் விழ விழ அது இன்னும் குறையும். கோயம்புத்தூர் திரும்பி வந்து இங்க ஒரு வேலையில சேர்ந்தா அதே 61,000 முழுசா 61,000. ஷீட்ல ரெண்டையும் தனித்தனி வரியா எழுதச் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் ரெண்டாவது வரியையே பார்த்துக்கிட்டிருந்தார்.

அதுக்கப்புறம்தான் அந்தத் தங்கச்சி ஒரு நல்ல கேள்வி கேட்டா: "அண்ணா, மூணு செமஸ்டர்ல முடிச்சா?" அவங்க கோர்ஸ் 30 கிரெடிட், கிரெடிட்டுக்கு 1,600 டாலர். ட்யூஷன் கிரெடிட் கணக்குல வர்றதால 9, 9, 12-ன்னு எடுத்து டிசம்பர்லயே முடிச்சாலும் ட்யூஷன் பெருசா மாறாது. ஆனா அஞ்சு மாசச் செலவு, 6,500 டாலர், கிட்டத்தட்ட 6.1 லட்சம் மிச்சம். இதுக்கு ரெண்டு விஷயம் சரியா இருக்கணும். செமஸ்டருக்கு ஒரே தொகைன்னு ஃபீஸ் வாங்குற காலேஜா இருக்கக்கூடாது. கடைசி செமஸ்டருக்குத் தேவைப்படுற கட்டாயப் பாடம் வசந்த காலத்துல மட்டும் நடக்குறதா இருக்கக்கூடாது. ரெண்டாவதை இப்பவே டிபார்ட்மென்ட் அட்வைசருக்கு மெயில் போட்டுக் கேட்கலாம். அவ கேட்டுட்டா, பதில் இன்னும் வரல.