கடைசி வரியில் கிடந்த எண்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பி ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து காப்பு நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உள்ளே இருந்தார்கள். கலம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே போயிங் பொறியாளர்கள் சேதம் எவ்வளவு இருக்கும் என்று ஆராய்ந்து, நாசாவினருக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கலம் சிதறியது.

அந்த ஸ்லைடுகளில் ஒன்றைத் தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி வரி வரியாக அலசினார். விசாரணைக் குழுவும் அதைத் தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. ஒரு அறிக்கையை ஸ்லைடுகளாகப் பிரிப்பவர்கள் பார்க்கவேண்டிய ஸ்லைடு அது.

அதன் தலைப்பு ஆறுதலாக ஒலிக்கிறது: வெப்பக் காப்பு ஓடுகள் துளைபடுவது பற்றிய கணிப்பு, சோதனைத் தரவுகளோடு ஒப்பிட்டால் மிகையாகவே இருக்கிறது என்பது அதன் பொருள். கீழே புள்ளி, உள்புள்ளி, அதற்கும் உள்புள்ளி என்று படிக்கட்டு இறங்குகிறது. ஆகக் கீழே, சின்ன எழுத்தில், ஒரு ஒப்பீடு. சோதனையில் பயன்படுத்திய நுரைத் துண்டு 3 கன அங்குலம். விழுந்த துண்டுக்கு எடுத்துக்கொண்ட அளவு 1920 கன அங்குலம். 640 மடங்கு! அப்படியானால் தலைப்பு சொல்லும் ஆறுதலுக்கு இங்கே ஆதாரமே இல்லை. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும் அதிகாரிக்கு இது எப்படித் தெரியும்?

விபத்துக்கு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்வது மிகை. துளை விழுந்தது ஓட்டில்கூட அல்ல, இறக்கையின் முன்விளிம்பில். நிர்வாகம் எடுத்த முடிவுகள் தனிக் கதை. நமக்கு வேண்டியது ஸ்லைடின் பிழை மட்டும்: மூன்று நான்கு கருத்துகளை ஒரே பக்கத்தில் அடைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு வைத்தது.

பிரித்துப் பார்ப்போம். முதலில் ஸ்லைடை மறந்துவிட்டு, அறிக்கையின் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் 'இதனால் என்ன தெரிகிறது?' என்று கேட்டு, விடையை ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். விடையில் 'மேலும்' வந்தால் அங்கே இரண்டு கருத்து இருக்கிறது. இரண்டு ஸ்லைடு வேண்டும். அந்த வாக்கியத்தைச் சுருக்கினால் தலைப்பு. பத்தியில் மிஞ்சும் எண், படம், சோதனை விவரம் எல்லாம் தலைப்புக்கு அடியில் சான்றாக நிற்கும்.

அப்படிச் செய்தால் முதல் ஸ்லைடு: 'விழுந்த துண்டு, சோதித்ததைவிட 640 மடங்கு பெரிது'. அடியில் இரண்டே பட்டைகள், 3-ம் 1920-ம். வேறெதுவும் வேண்டாம். அடுத்தது: 'ஓட்டின் மேற்பூச்சு உடைந்தால் சேதம் கடுமையாகும்'. இதுவும் பழைய ஸ்லைடில் இருந்ததுதான். நடுவில் எங்கோ அமுங்கிக் கிடந்தது. மூன்றாவது, கேட்பவர் முடிவெடுக்க வேண்டிய விஷயம்: 'சேதத்தைக் காண இறக்கையைப் படமெடுக்க வேண்டும்'. பொறியாளர்கள் உண்மையிலேயே படம் கேட்டார்கள், கிடைக்கவில்லை.

ஆறுதலான செய்தியை என்ன செய்வது? அதுவும் உண்மைதானே, மறைக்கக் கூடாது. அதற்கும் ஒரு ஸ்லைடு உண்டு. ஆனால் 'கணிப்பு மிகையாக இருந்தது' என்று மொட்டையாகத் தலைப்பு வைத்தால் பழைய கதைதான். 'சிறு துண்டுச் சோதனைகளில் கணிப்பு மிகையாக இருந்தது' என்று வைக்க வேண்டும். தலைப்பைச் சுருக்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எழுத்தைக் குறைக்கும்போது முதலில் பலியாவது 'இந்த நிலையில் மட்டும்' என்ற நிபந்தனை. அது போனால் கருத்தே மாறிவிடும். தலைப்பு இரண்டு வரியாக நீண்டாலும் பரவாயில்லை, நிபந்தனை இருக்கட்டும். 'சோதனை முடிவுகள்' என்று இரண்டே சொல்லில் வைப்பதோ இன்னும் மோசம். சுருக்கமாக இருக்கிறது, எதையும் சொல்லவில்லை.

வேலை சரியாக வந்ததா என்று பார்க்கத் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் படிக்கலாம். ஒன்றிலிருந்து ஒன்று தொடர்ந்து, கடைசியில் முடிவு வந்து சேர வேண்டும். எங்காவது தட்டினால் ஒரு கருத்து விட்டுப்போயிருக்கிறது அல்லது இடம் மாறியிருக்கிறது. உள்புள்ளிக்குள் உள்புள்ளி முளைத்தால், தலைப்பாக வேண்டிய ஏதோ ஒன்று கீழே புதைந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் ஸ்லைடு அறிக்கைக்கு ஈடாகாது. தொழில்நுட்பக் கட்டுரைகளுக்குப் பதிலாக நாசாவில் ஸ்லைடுகளையே நம்பியிருந்ததை விசாரணைக் குழு கடிந்துகொண்டது. அதனால் முழு அறிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று குறித்துவிடலாம். 640 மடங்கு என்ற எண்ணைப் பார்த்துப் புருவம் உயர்த்துகிறவர், கூட்டத்திலேயே அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.