மின்கழிவுக் கடைக்கு என்ன பெயர்?

அம்பத்தூரில் பழைய கணினி, செல்போன், பேட்டரி வாங்கிச் சேர்க்கும் கடை ஒன்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ‘கிரீன் எர்த் சொல்யூஷன்ஸ்’ என்று பலகை வைத்தால் உரம் விற்பவரா, சோலார் பொருத்துபவரா என்று தெருவில் போகிறவருக்குத் தெரியாது. ‘ரீசைக்கிளர்ஸ்’ என்று போடுவது அதைவிடச் சிக்கல். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயரை நம்பி வரும் நிறுவனம் முதலில் அந்தச் சான்றிதழைத்தான் கேட்கும். இல்லையென்றால் நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

செய்யும் வேலையையே சொல்லுங்கள்: ‘மின்கழிவு சேகரிப்பு நிலையம்’. ஆனால் வெறும் விவரிப்பாக உள்ள பெயருக்கு வணிகச் சின்னப் பதிவு கிடைப்பது கடினம். அதனால் முன்னால் தனித்த சொல் ஒன்று வேண்டும். ‘வைகறை மின்கழிவு சேகரிப்பு நிலையம்’ என்றால் காயலான் கடைக்காரரும் மதிப்பார், கணக்குப் பிரிவு அதிகாரியும் தயங்காமல் ரசீது வாங்குவார்.